பூட்டிக் கிடந்த முன்வாசலும் பெண்டிங்கில் நின்ற என் வேலையும்

2023 டிசம்பர் 8ஆம் தேதி ஆஃபர் லெட்டர் வந்தது. 11ஆம் தேதி பழைய கம்பெனியில் ராஜினாமா கொடுத்தேன். 60 நாள் நோட்டீஸ், பிப்ரவரி 9 கடைசி நாள், 19ஆம் தேதி புது வேலையில் சேர வேண்டும். நான் சேர்ந்தது மார்ச் 4ஆம் தேதி. இடையில் போன நாட்களுக்கெல்லாம் காரணம், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் பெண்டிங். ஆஃபர் லெட்டரிலேயே ‘சரிபார்ப்பு திருப்தியாக முடிந்தால் மட்டுமே’ என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போடும்போது அதைப் படித்தேன், பெரிதாக நினைக்கவில்லை.

ஜனவரி 12ஆம் தேதி, பொங்கலுக்குக் காரைக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் பள்ளத்தூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஒரு லிங்க் வந்தது. சரிபார்ப்பைப் புது கம்பெனி நேரடியாகச் செய்யவில்லை, வெளி ஏஜென்சியிடம் விட்டிருந்தது. அடையாளம், முகவரி, படிப்பு, முந்தைய வேலைகள், நீதிமன்ற வழக்கு ஏதும் உண்டா என்பது, இவ்வளவையும் பார்ப்பார்கள். பணம் புழங்கும் வேலை என்றால் சிலர் கடன் விவரத்தையும் பார்ப்பதுண்டு. விசாரிக்கச் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எதையும் தொடங்குவார்கள்.

காரைக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, அன்றிரவே ஃபாரத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். அந்த அவசரம்தான் முதல் தவறு. வேலை பார்த்த தேதிகளை நினைவிலிருந்து எழுதினேன்.

எந்த வேலைக்கு எந்தத் தேதி என்று பார்க்க ஏஜென்சி முதலில் போவது பி.எஃப். பதிவுக்குத்தான். நம் பி.எஃப். கணக்குகளையெல்லாம் இணைக்கும் யு.ஏ.என். எண்ணை வைத்து, எந்த நிறுவனம், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை பணம் கட்டியது என்று பார்த்துவிடுவார்கள். இதை நாமும் பார்க்கலாம். இ.பி.எஃப்.ஓ. உறுப்பினர் தளத்துக்குள் போய் View → Service History அழுத்தினால் போதும். நான் பார்த்தது ஜனவரி 24ஆம் தேதி, ஏஜென்சி கேள்வி கேட்ட பிறகு.

நான் எழுதியிருந்தது இது: மதுரையில் ஒரு சின்னக் கம்பெனி, 2019 ஜூன் 3 முதல் 2021 செப்டம்பர் 24 வரை. அதற்கப்புறம் சென்னையில் இரண்டாவது கம்பெனி, 2021 அக்டோபர் 4 முதல்.

பி.எஃப். பதிவில் மூன்று இடங்களில் வேறு மாதிரி இருந்தது. மதுரைக் கம்பெனியின் பெயரே அதில் இல்லை. எங்கள் சம்பளத்தைப் பார்த்துக்கொண்ட கான்ட்ராக்ட் நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது. சேர்ந்த தேதி 2019 செப்டம்பர் 1 என்றிருந்தது, ஏனென்றால் முதல் மூன்று மாதம் டிரெய்னியாக ஸ்டைபெண்டில் இருந்தேன், அதற்கு பி.எஃப். பிடிக்கவில்லை. விலகிய தேதிக்கான இடம் காலி. அந்தத் தேதி இல்லாததால், 2021 அக்டோபரிலிருந்து நான் ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனியில் வேலை பார்த்தது போலத் தெரிந்தது. இவர்கள் ரொம்பக் கவனமாகத் தேடுவதே அதைத்தான்.

இதற்கு மேல், அந்த மதுரைக் கம்பெனி 2022இல் மூடப்பட்டுவிட்டது. ஏஜென்சி அனுப்பிய மெயில் திரும்பி வந்தது, போனை எடுக்க ஆளில்லை.

விலகிய தேதியைச் சரிசெய்வது எளிதாக இருந்தது. அதே தளத்தில் Manage → Mark Exit என்று இருக்கிறது. யு.ஏ.என்.னோடு ஆதாரும் அதோடு மொபைல் எண்ணும் இணைந்திருந்தால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்த பிறகு ஓ.டி.பி. வழியாக நாமே போட்டுக்கொள்ளலாம். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்துக்குள் வரும் தேதியைத்தான் அது ஏற்கும். எனக்கு அது செப்டம்பர் 2021, விலகியதும் அதே மாதம், அதனால் 24 என்று போட முடிந்தது. ரிலீவிங் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள். தப்பாகப் போட்டுவிட்டால் மாற்றுவதற்கு அலைய வேண்டியிருக்கும்.

பெயர் மாறியதற்கும் விடுபட்ட மூன்று மாதத்துக்கும்தான் நிறைய வேலை. யார் எவ்வளவு வருமான வரி பிடித்தார்கள் என்று காட்டும் ஃபாரம் 26ஏ.எஸ். அனுப்பச் சொன்னார்கள். என் சம்பளத்துக்கு அப்போது வரி பிடிக்கவே இல்லை, அதனால் அதில் ஒன்றுமில்லை. குறைந்த சம்பளத்தில் தொடங்கியவர்களுக்கு அந்தத் தாள் உதவாது. கைகொடுத்தது பேங்க் ஸ்டேட்மெண்ட்தான். இணையத்தில் அவ்வளவு பழையது கிடைக்கவில்லை. கிளைக்கு நேரில் போய் எழுதிக் கொடுத்து, முத்திரையோடு வாங்க நான்கு நாள் ஆனது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் 2019இல் மதுரைக் கம்பெனியின் பெயரில் அதற்கு முந்தைய மாதத்து ஸ்டைபெண்ட் வந்திருந்தது. அக்டோபரிலிருந்து கான்ட்ராக்ட் நிறுவனத்தின் பெயரில் சம்பளம். அந்த வரிகளைப் பென்சிலால் குறித்து, மதுரைக் கம்பெனியின் அப்பாயின்ட்மெண்ட் லெட்டர், கான்ட்ராக்ட் நிறுவனம் கொடுத்த கடிதம், கடைசி மூன்று மாத பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, மேலே அரைப்பக்க விளக்கமும் எழுதி அனுப்பினேன். ‘ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டிரெய்னி, பி.எஃப். இல்லை, செப்டம்பர் முதல் கான்ட்ராக்ட் வழியாகச் சம்பளம், வேலை அதே இடத்தில்’ என்று. பழைய மேனேஜர் தன் சொந்த மெயிலிலிருந்து ஒரு கடிதம் அனுப்பினார். கம்பெனி முகவரியிலிருந்து வராததால் அதைத் துணை ஆதாரமாக மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இந்த அரைப்பக்கத்தை ஜனவரி 12ஆம் தேதியே ஃபாரத்தோடு சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும். நாமே முன்கூட்டிச் சொன்னால் அது விளக்கம். அவர்கள் கண்டுபிடித்த பிறகு சொன்னால், அதே வார்த்தைகள் சமாதானம் போல ஆகிவிடுகின்றன. பொய் எதுவும் எழுதாமலே நான் அந்த நிலையில் நின்றது மனசுக்கு வலித்தது.

படிப்பு விஷயம் சீக்கிரம் சொல்லிவிடலாம். நான் புரொவிஷனல் சான்றிதழை ஏற்றியிருந்தேன், அவர்கள் பட்டச் சான்றிதழும் கடைசி செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் கேட்டார்கள். பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பிப்பது ஏஜென்சியின் வேலை, நாம் துரத்த முடியாது. பொங்கல் விடுமுறையும் சேர்ந்து மூன்று வாரம் போனது. இன்ஷியல் பிரச்சினையும் நம் ஊரில் சகஜம். சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், பான் கார்டில் வேறு வரிசை. இந்த மூன்று பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசியாக முகவரி. இங்கேதான் எங்கள் ஊரே குறுக்கே வந்து நின்றது.

அப்பா ஒரு பெரிய செட்டியார் வீட்டுக்குக் காவல். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், நல்லது கெட்டதுக்கு வருவார்கள். நாங்கள் இருப்பது பின்கட்டில். எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பு ஒரு தெருவில் இருக்கும், வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். எங்கள் போக்குவரத்து முழுவதும் பின்தெரு வழியாகத்தான். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் இருப்பது முன்தெருவின் கதவு எண்.

ஏஜென்சிக்காரர் ஒரு மத்தியானம் முன்தெருவுக்கு வந்திருக்கிறார். அந்தத் தேக்கு நிலைக்கதவைத் தட்டினால் பின்கட்டில் இருப்பவருக்குக் காது கேட்காது. எதிர்வீட்டு ஆச்சியிடம் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஆச்சி, “அப்படி யாரும் இந்த வீட்டுல இல்லையே” என்று சொல்லிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து அவர்களுக்கு நான் பாப்பாதான், சான்றிதழ்ப் பெயர் அவர்களுக்குத் தெரியாது. ரிப்போர்ட்டில், ‘வீடு பூட்டியிருந்தது, அக்கம்பக்கத்தார் அடையாளம் காட்டவில்லை’ என்று ஏறிவிட்டது.

இது எனக்குத் தெரிந்தது பிப்ரவரி 13ஆம் தேதி. அதுவரை எச்.ஆர். மேடத்துக்கு மூன்று மெயில் போட்டிருந்தேன், மூன்றிலும் ‘என் வெரிஃபிகேஷன் என்ன ஆயிற்று?’ என்றுதான் கேட்டிருந்தேன். ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்று பதில் வந்தது. நான்காவதில் கேள்வியை மாற்றினேன்: “எந்தெந்தச் சோதனை முடிந்தது, எது நிற்கிறது, என்னிடமிருந்து எந்தத் தாள் தேவை?” மறுநாளே பதில் வந்தது, முகவரியும் முதல் வேலையும்தான் பாக்கி என்று. பெண்டிங் என்றால் நம்மேல் சந்தேகம் என்று நான் இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன். உண்மையில் ஒரு கதவு திறக்கவில்லை, ஒரு போன் எடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

போனில் லிங்க் அனுப்பி, வீட்டு வாசலில் நின்று இருப்பிடத்தோடு படம் எடுத்து அனுப்பும் முறையும் உண்டு. நான் அப்போது சென்னையில் இருந்ததால் மறுபடி ஆளை அனுப்பச் சொன்னேன். இந்த முறை பின்தெருவின் பெயர், பக்கத்தில் இருக்கும் ஊருணி, அப்பாவின் எண், வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயர் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். வாடகை ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ எங்கள் பெயரில் கிடையாது, ரேஷன் கார்டை எடுத்து வைக்கச் சொன்னேன்.

அன்று காலை எட்டு மணிக்கே அப்பா முன்கதவைத் திறந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். “என்னப்பா, வந்துட்டாங்களா?” என்று நான் மூன்று தடவை போன் செய்தேன். பதினொன்றரைக்கு வந்தவர் கதவு எண்ணைப் படம் எடுத்து, நான் என்ன உறவு, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறோம் என்று கேட்டு, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் போய்விட்டார். அப்பா அவருக்கு மோர் கொடுத்திருக்கிறார். ஆச்சியும் எதிர்வீட்டிலிருந்து வந்து, “எங்க பாப்பாதாங்க அது” என்று சொல்லியிருக்கிறார்கள்.

19ஆம் தேதி சேர முடியாது என்று தெரிந்ததும், புதிய தேதியை மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டேன். பேச்சில் சொன்னதை நம்பி இருக்கக்கூடாது. 9ஆம் தேதிக்கு அப்புறம் எனக்குச் சம்பளம் கிடையாது, ஹாஸ்டல் வாடகையை அக்காதான் கட்டினாள்.

பிப்ரவரி 28ஆம் தேதி ரிப்போர்ட் முடிந்தது. முகவரியும் படிப்பும் பச்சை. மதுரை வேலை மட்டும் மஞ்சள், ‘நிறுவனம் மூடப்பட்டதால் நேரடியாகச் சரிபார்க்க இயலவில்லை, ஆவணங்கள் பொருந்துகின்றன’ என்ற குறிப்போடு. மஞ்சளை ஏற்பதும் விடுவதும் ஏஜென்சியின் கையில் இல்லை, வேலை கொடுக்கும் கம்பெனிதான் முடிவு செய்கிறது. எச்.ஆர். மேடம் மேலிடத்தில் ஒப்புதல் வாங்கி, சேரச் சொன்னார்.

இரண்டாவது கம்பெனிச் சோதனை அப்போதும் முடியவில்லை. நான் விலகும் முன்பு அங்கே விசாரிக்க வேண்டாம் என்று ஃபாரத்தில் குறித்திருந்தேன், எல்லோரும் அப்படிக் குறிப்பதே நல்லது. ரிலீவிங் லெட்டர் வந்த பிறகு அனுப்பி வைத்தேன். வேலையில் சேர்ந்து பதினேழு நாள் கழித்து, மார்ச் 21ஆம் தேதி அதுவும் பச்சையாக வந்தது.