25 கிலோ கோ-4 புல்லில் மாட்டுக்குச் சேருவது எவ்வளவு? உலர் எடை போட்டுப் பார்த்த குறிப்பு

கறவை மாட்டுக்கு "தினம் 25 கிலோ பசும்புல்" என்று எழுதி வைத்தால் அது பாதிக் கணக்குதான். அந்த 25 கிலோவில் ஏறக்குறைய 20 கிலோ தண்ணீர். தண்ணீர் போக மிஞ்சுவதில்தான் புரதமும் நாரும் தாது உப்பும் எல்லாம் இருக்கின்றன. அந்த மிச்சம்தான் உலர் பொருள். புல்லின் எடை மாறாமலே அதிலுள்ள உலர் பொருள் மட்டும் மழைக்கும் வயதுக்கும் ஏற்ப மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்று ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஒரே தோட்டத்துக் கோ-4 புல்லில் அளந்து பார்த்ததை இங்கே தருகிறோம். கோ-4 என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்.

மாட்டின் தேவை

கணக்குக்கு எடுத்தது ஜெர்சி கலப்பினம், நாளைக்கு 10 லிட்டர் கறவை. எடைமேடை இல்லாததால் டேப் வைத்துத்தான் எடை பார்த்தது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவு 67 அங்குலம். தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளம் 59 அங்குலம். 67 × 67 × 59 ÷ 660 = 401. ஆகவே 400 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கறவைக்கு உடல் எடையில் 3 சதவீதம் உலர் பொருள் கொடுத்தால் 12 கிலோ வரும். அடர் தீவனம் 5 கிலோ. அதில் ஈரம் 10 சதவீதம் இருப்பதால் உலர் பொருள் 4.5 கிலோ. வைக்கோல் 3 கிலோ, அதிலும் ஈரம் அதே அளவுதான், எனவே 2.7 கிலோ. இரண்டும் சேர்ந்து 7.2. பாக்கி 4.8 கிலோ உலர் பொருள் பசும்புல்லிலிருந்து வர வேண்டும்.

அடர் தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தால், ஊறவைப்பதற்கு முன்னால் இருந்த எடைதான் கணக்குக்கு.

முதல் அளவு: வெயில்

50 நாள் புல். சாஃப் கட்டரில் நறுக்கி 200 கிராம் எடுத்து, பழைய வேட்டியில் மெல்லியதாகப் பரப்பி மூன்று நாள் வெயிலில் காயவைத்தது. மூன்றாம் நாள் மாலை எடை 43 கிராம். 43 ÷ 200 என்றால் 21.5 சதவீதம்.

இதை அப்படியே எழுதிக்கொண்டால் தப்பு. வெயிலில் காய்ந்த புல் தொட்டால் மொறுமொறுவென்று இருக்கும், ஆனாலும் உள்ளே 12 சதவீதம் போல ஈரம் தங்கிவிடும். காற்றில் உள்ள ஈரத்தோடு சமமாகிற இடத்தில் காய்வது நின்றுபோகும். அதற்கு மேல் எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் இறங்காது. அதே வேட்டியை இரவு வெளியே விட்டு மறுநாள் காலை நிறுத்தபோது 46 கிராம். பனியில் 3 கிராம் திரும்ப ஏறியிருந்தது.

இரண்டாம் அளவு: மைக்ரோவேவ்

அதே குவியலிலிருந்து முதல் நாளே எடுத்த இன்னொரு 200 கிராம். கண்ணாடித் தட்டை வெறுமனே நிறுத்து, அதன் எடையை ஒவ்வொரு முறையும் கழித்துக்கொள்ள வேண்டும். புல்லோடு ஒரு மூலையில் அரை டம்ளர் தண்ணீரும் வைக்க வேண்டும். கடைசியில் புல்லில் ஈரம் தீர்ந்துபோனதும் மைக்ரோவேவின் சூடு போய்ச் சேர வேறு இடம் வேண்டும். டம்ளர் இல்லாவிட்டால் புல் கருகும், சில சமயம் தீப்பிடிக்கவும் செய்யும். டம்ளரில் தண்ணீர் கொதித்து வற்றினால் மாற்றி வைக்க வேண்டும்.

முதலில் இரண்டிரண்டு நிமிடமாக ஓட்டி, ஒவ்வொரு முறையும் கிளறி நிறுத்தது. எடை 60 கிராமுக்குக் கீழே வந்த பிறகு ஒரு நிமிடம், பிறகு அரை நிமிடம். கடைசி எடைகள் 43, 40, 38, 38. இரண்டு தடவை எடை மாறாமல் நின்றால் காய்ந்தது முடிந்தது. 38 ÷ 200 = 19 சதவீதம்.

வெயிலில் வந்த 43 கிராமை 0.88 ஆல் பெருக்கினால் 37.8. இரண்டும் ஒத்துப்போகின்றன. மைக்ரோவேவ் இல்லாத வீட்டில் வெயிலில் காயவைத்து, பிற்பகலில் புல் சூடாக இருக்கும்போதே நிறுத்து, 0.88 ஆல் பெருக்கினால் தீவனக் கணக்குக்குத் தாராளமாகப் போதும். மூட்டமான நாளில் மட்டும் இது சரிவராது.

இன்னொரு தடவை அவசரத்தில் கடைசியாக மூன்று நிமிடம் ஓட்டியதில் ஓரத்தில் பழுப்பேறி, வறுத்த வாசனை வந்தது. எடை 35-க்கு இறங்கியிருந்தது. அங்கே போனது தண்ணீரல்ல, புல்லே எரிந்து போனது. வாசனை வந்தால் அந்த எடையை விட்டுவிட்டு அதற்கு முந்தைய எடையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

200 கிராம் எதற்கு, 100 போதாதா என்றால், சமையலறைத் தராசு ஒரு கிராம் முன்பின் காட்டும். 100 கிராம் மாதிரியில் காய்ந்த எடை 19 கிராம்தான். அதில் ஒரு கிராம் பிசகினால் கணக்கில் இருபதில் ஒரு பங்கு தவறு. 200 எடுத்தால் அது பாதியாகிறது.

மாதிரி எடுப்பதில் வந்த பிசகு

அளவுகளில் பெரிய வித்தியாசத்தைக் காட்டியது காயவைக்கும் முறையல்ல, எந்தப் பிடியை எடுத்தோம் என்பதுதான். ஒரே கட்டிலிருந்து இலையை மட்டும் பிரித்துக் காயவைத்தால் 24 சதவீதம், தண்டை மட்டும் என்றால் 15. இளம் தண்டு கரும்பு மாதிரி நீர் நிறைந்தது, இலை அப்படியில்லை. குவியலின் மேலிருந்து ஒரு கை அள்ளினால் இலை அதிகம் வந்து, புல்லில் சத்து இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

அதனால் நறுக்கிய பிறகே மாதிரி எடுப்பது நல்லது. குவியலின் மேல், நடு, அடி என்று பத்து இடத்தில் ஒவ்வொரு பிடி எடுத்து ஒரு சாக்கில் கொட்டிக் கலக்கி, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 200 கிராம் அளவுக்கு வரும்வரை இதையே திரும்பச் செய்யலாம். உடனே நிறுக்க முடியாவிட்டால் காற்றுப் போகாத கவரில் கட்டி வைக்க வேண்டும். திறந்து வைத்தால் தராசுக்கு வருவதற்குள்ளேயே வாடத் தொடங்கிவிடும்.

உலர் எடையிலிருந்து பச்சை எடைக்கு

தேவை 4.8 கிலோ உலர் பொருள், புல்லில் 19 சதவீதம். 4.8 ÷ 0.19 = 25.3. ஆக 25 கிலோ புல்.

பலர் சறுக்குவது இந்த இடத்தில். தண்ணீர் 81 சதவீதம் என்பதால் 4.8-உடன் அதில் 81 சதவீதத்தைக் கூட்டி 8.7 கிலோ என்று போடுகிறார்கள். அந்த 81 சதவீதம் பச்சைப் புல்லின் எடையில் 81, உலர் எடையில் அல்ல. 8.7 கிலோ புல்லில் உலர் பொருள் 1.65 கிலோதான் இருக்கும். பச்சையிலிருந்து உலருக்குப் போகப் பெருக்க வேண்டும், உலரிலிருந்து பச்சைக்கு வர வகுக்க வேண்டும். வந்த விடையைத் திரும்பப் பெருக்கிப் பார்த்தால் தப்பு உடனே தெரிந்துவிடும்.

மழை நாள்

ஐப்பசியில் விடிய விடிய மழை பெய்த மறுநாள், ஏறக்குறைய அதே வயதுப் புல். அறுத்தவுடன் எடுத்த மாதிரி 200 கிராமுக்கு 29 கிராம்தான் நின்றது. 14.5 சதவீதம். சுணையுள்ள அகல இலையில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு, தராசில் புல்லோடு சேர்ந்து நிற்கிறது.

அன்றைக்கும் வழக்கம்போல 25 கிலோ நிறுத்துப் போட்டால் உள்ளே போவது 3.6 கிலோ உலர் பொருள். 1.2 கிலோ குறைவு. கோ-4 புல்லின் உலர் பொருளில் செரிக்கும் சத்து 55 சதவீதம் என்று வைத்தால் 0.66 கிலோ போகிறது. நாலு சதவீதக் கொழுப்புள்ள ஒரு லிட்டர் பாலுக்குக் கிட்டத்தட்ட 0.33 கிலோ வேண்டும். ஆக இரண்டு லிட்டர் பாலுக்கான தீவனம் தண்ணீராகப் போனது. மாடு அன்றே பாலைக் குறைக்காது, தன் உடம்பிலிருந்து கரைத்துக் கொடுக்கும். மழை ஒரு வாரம் தொடர்ந்தால்தான் பாலிலும் உடம்பிலும் தெரியும். அதனால்தான் பலரும் இதை மழைக்குளிரின் குறையாக நினைத்துவிடுகிறார்கள்.

ஈடுகட்ட 4.8 ÷ 0.145 = 33 கிலோ போட வேண்டும். நீர் கோத்த புல்லை அவ்வளவு தின்னுமா என்பது சந்தேகம். அதே புல்லை நறுக்காமல் கொட்டகைத் தாழ்வாரத்தில் நிமிர்த்திச் சாய்த்து வைத்து, மூன்று மணி நேரம் கழித்து அளந்தால் 17.5 சதவீதம். 27 கிலோ போட்டால் சரியாகிவிடுகிறது. குவித்துப் போட்டால் உள்ளே சூடேறுமே தவிர ஈரம் வடியாது. குறைந்த 1.2 கிலோவை வைக்கோலால் நிரப்பினால் வயிறு நிறையும், எடைக் கணக்கும் நேராகும். ஆனால் வைக்கோலில் புரதம் மிகக் குறைவு, செரிமானமும் குறைவு, பாலுக்கு உதவாது.

முற்றிய புல்

மார்கழியில் அறுப்பு தள்ளிப்போய் 65 நாள் ஆன பாத்தி. 24.5 சதவீதம். கணக்குப்படி 4.8 ÷ 0.245 = 19.6, அதாவது 20 கிலோ புல்லே போதும். இதைப் பார்த்து முற்றவிட்டால் லாபம் என்று தோன்றும், ஆனால் உலர் எடை அளவை மட்டும்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. முற்றும்போது புரதம் இறங்கி, தண்டில் நார் கெட்டிப்படுகிறது. போட்ட 20 கிலோவில் மறுநாள் காலை தொட்டியில் 3 கிலோ தண்டுத் துண்டுகள் கிடந்தன. மிச்சத்தையும் நிறுத்துக் கழிக்காவிட்டால், கொடுத்ததைத்தான் கணக்குப் போட்டிருப்போம், தின்றதை அல்ல. மிச்சத்தில் ஈரம் வேறு என்பதால் அதற்கும் ஒரு மாதிரி காயவைக்க வேண்டும். இங்கே அது 30 சதவீதம் வந்தது. 3 கிலோவில் 0.9 கிலோ உலர் பொருள் வீண். போட்டது 4.9, உள்ளே போனது 4.0. அதன் பிறகு அறுப்பை 45 நாளிலிருந்து 50 நாளுக்குள் முடிப்பதாக வைத்திருக்கிறது.

இப்போது செய்வது

தினமும் காயவைக்கத் தேவையில்லை. பாத்தி மாறும்போது ஒருமுறை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை. கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் 4.8 கிலோவுக்கான பச்சை எடை எழுதியிருக்கிறது: 15 சதவீதம் என்றால் 32 கிலோ, 17 என்றால் 28, 19 என்றால் 25, 22 என்றால் 22. மாதிரியில் வந்த சதவீதத்துக்கு நேரே உள்ள எடையைப் பார்த்து, காலையில் பாதியும் மாலையில் பாதியும் தொங்கு தராசில் கட்டாக நிறுத்துப் போடுகிறது.

அசோலாவையும் இதே முறையில் ஒருமுறை காயவைத்துப் பார்த்தது. நன்றாக வடிகட்டிய 200 கிராமில் மிஞ்சியது 12 கிராம், 6 சதவீதம். அசோலாவில் புரதம் 25 சதவீதம் என்று சொல்வது இந்த உலர் எடைக்கு. ஒரு கிலோ பச்சை அசோலா போட்டால் உலர் பொருள் 60 கிராம், அதில் புரதம் 15 கிராம்.