86 ரூபாயும் 18,640 ரூபாயும்

8 ஆகஸ்ட் 2024, வியாழன், நள்ளிரவு தாண்டி

படுக்கலாம் என்று விளக்கை அணைத்த நேரத்தில், 11.42-க்கு ஒரு எஸ்எம்எஸ். என் டெபிட் கார்டில் 18,640 ரூபாய் செலவாகியிருக்கிறதாம். கடையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டு ஆங்கில எழுத்துகள், அர்த்தமே இல்லாமல். கீழே, 'இது நீங்கள் இல்லையென்றால் அழைக்கவும்' என்று ஒரு எண்.

கை நேராக அந்த எண்ணுக்குத்தான் போனது. நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். பணம் போகாமலே போனதாகப் பயமுறுத்தி, அழைத்ததும் ஓடிபி கேட்டு வாங்குகிற போலிச் செய்திகளும் இதே மாதிரிதான் வரும். எஸ்எம்எஸ்ஸை மூடிவிட்டு வங்கியின் ஆப்பைத் தனியாகத் திறந்து பார்த்தேன். இருப்பு குறைந்திருந்தது. கார்டின் கடைசி நான்கு எண்களும் என்னுடையவைதான். ஆக, செய்தி உண்மை.

அடுத்து, இது நாங்களே செய்த செலவா என்று பார்க்க வேண்டும். கடைப் பலகையில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் வேறு பெயரும் இருப்பது சகஜம். எப்போதோ போட்டு மறந்த ஆண்டுச் சந்தாவாகவும் இருக்கலாம். மனைவியைக் கேட்டேன். "நான் எதுவும் வாங்கலைங்க" என்றவள், உடனே, "யாருக்காவது ஓடிபி சொன்னீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். சொல்லவில்லை. ஓடிபியே வரவில்லை. வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் அது கேட்கப்படுவதில்லை, கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் பின்பக்க மூன்று இலக்கமும் போதும். முன்பு ஒரு மென்பொருள் வாங்க 'வெளிநாட்டுப் பரிவர்த்தனை' பொத்தானை ஆன் செய்தது நினைவுக்கு வந்தது. அணைக்கவே இல்லை.

ஆப்பிலேயே கார்டை முடக்கினேன். அதோடு வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும், ஆனால் முடியவில்லை. முடக்கினால் அடுத்த திருட்டு நிற்கும், அவ்வளவுதான். நடந்து முடிந்ததை வங்கிக்குப் புகாராகச் சொன்னால்தான் கணக்கில் சேரும். கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்தேன். 11.58-க்குப் புகார் எண் கிடைத்தது. காலண்டர் ஓரத்தில் எழுதி, திரையையும் படம் எடுத்து வைத்தேன்.

9 ஆகஸ்ட், வெள்ளி

காலையில் நிதானமாகக் கணக்கு விவரத்தை மேலிருந்து கீழே பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. ஆகஸ்ட் 2-ஆம் தேதி, அதே புரியாத எழுத்துகள், 86 ரூபாய். அதற்கும் எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. கார்டு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு டாலர் எடுத்துச் சோதித்துவிட்டு, ஆறு நாள் கழித்துப் பெரிதாகக் கை வைத்திருக்கிறார்கள். மறுபடி அழைத்து, அதையும் அதே புகாரில் சேர்க்கச் சொன்னேன்.

கிளைக்கும் போனேன். அங்கிருந்தவர், "கார்டை பிளாக் பண்ணிட்டீங்கல்ல சார், திங்கட்கிழமை வந்து எழுதிக் கொடுங்க" என்றார். புகார் எண் கையில் இல்லாமல் இந்தப் பேச்சை நம்பியிருந்தால் நாட்கள் என் கணக்கில் ஓடியிருக்கும். கடிதத்தை அப்போதே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன்.

10 ஆகஸ்ட், சனி

இரண்டாவது சனி, வங்கி விடுமுறை. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையை உட்கார்ந்து படித்தேன். நாள் எண்ணும் முறைதான் அதில் முக்கியம் என்று எனக்குப் பட்டது.

தவறு வங்கியுடையது என்றால், எப்போது சொன்னாலும் நமக்கு நஷ்டம் இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ கசிந்திருக்கிறது என்றால், தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். அப்போது முழுப் பணமும் திரும்ப வரும். நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஒரு பங்கு நம் தலையில் விழும். சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அந்தப் பங்கு ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். பரிவர்த்தனைத் தொகை அதைவிடக் குறைவு என்றால் அந்தத் தொகை மட்டும். ஏழும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

தகவல் வந்த நாளைச் சேர்க்கக் கூடாது. கணக்கு உள்ள கிளை திறந்திருக்கும் நாட்களை மட்டும்தான் எண்ண வேண்டும். 18,640-க்கு வெள்ளி முதல் நாள், சனி ஞாயிறு கிடையாது, திங்கள் இரண்டு, செவ்வாய் 13-ஆம் தேதி மூன்று. நான் அன்றிரவே சொல்லிவிட்டேன், கவலை இல்லை. 86 ரூபாய்க்கோ ஆகஸ்ட் 3, முதல் சனி, கிளை திறந்திருந்த நாள், அதுவே முதல் நாள். அடுத்து 5, 6, 7, 8. நான் சொன்ன 9-ஆம் தேதி ஆறாவது நாள். அதனால் அந்த 86 முழுக்க என் நஷ்டம்தான்.

12 ஆகஸ்ட், திங்கள்

வங்கியின் மோசடிப் பிரிவிலிருந்து அழைப்பு. எண்ணைக் கார்டில் இருப்பதோடு ஒப்பிட்டு, நானே திருப்பி அழைத்த பிறகுதான் பேசினேன். ஓடிபி, பின் எண், கார்டு விவரம் யாரிடமாவது சொன்னேனா என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். எரிச்சலாக இருந்தாலும் காரணம் புரிந்தது. நாமே கொடுத்திருந்தால் மூன்று நாள் கணக்கே பொருந்தாது. புகார் சொல்லும் நிமிடம் வரை போனதெல்லாம் நம்முடையது, அதற்குப் பிறகு போவதுதான் வங்கியுடையது. அப்படி ஏமாந்தவருக்கு நாள் கணக்கு எல்லாம் கிடையாது, நிமிடக் கணக்குதான். சரி, நம் மேல் தவறு என்று வங்கி சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கியே.

21 ஆகஸ்ட், புதன்

18,640 ரூபாய் கணக்கில் வரவானது. புகாரிலிருந்து பத்து வேலை நாளுக்குள் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும் என்பது விதி. 15-ஆம் தேதி விடுமுறையைக் கழித்தால் இன்று ஒன்பதாவது நாள். மதிப்புத் தேதி ஆகஸ்ட் 8 என்று போட்டிருந்தார்கள், இடைப்பட்ட நாட்களின் வட்டி போகாது. ஆனால் எடுக்க முடியாதபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடிய 90 நாள் வரை ஆகலாம், அதாவது நவம்பர் 6.

நண்பர் ஒருவர் இப்போதே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனிடம் போகச் சொன்னார். வங்கியிடம் சொல்லி 30 நாள் பதில் இல்லாமலோ, பதில் திருப்தி இல்லாமலோ இருந்தால்தான் cms.rbi.org.in-இல் எழுத முடியும். அவசரப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

17 அக்டோபர், வியாழன்

கடிதம் வந்துவிட்டது. 18,640 இறுதியாக்கப்பட்டது, நிறுத்தமும் நீங்கியது. 86 ரூபாய் 'தாமதமாக அறிவிக்கப்பட்டதால்' மறுப்பு. மனைவி படித்துவிட்டு, "கணக்கு சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றாள். புதிய கார்டில் வெளிநாட்டுப் பொத்தான் அணைந்தே வந்திருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன்.