கதிர்காமம் போகும் வானுக்கு ஒரு பிரார்த்தனைக் காணொளி

கதிர்காமக் கொடியேற்றம் நெருங்கினால் மட்டக்களப்பில் விடியற்காலையிலேயே வான்கள் புறப்படும். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று கரையோரமாகப் போய், அப்புறம் மொனராகலை, புத்தல வழியாகக் கதிர்காமம் சேரும் நீண்ட பயணம். பிள்ளைகளை எழுப்பி, சாப்பாட்டுப் பார்சல்களை ஏற்றும் அவசரத்தில் சாமி கும்பிட மனம் ஒரு நிலைக்கு வராது. அதனால்தான் சித்தி கேட்டார்: "மகன், வானுக்குள்ள எல்லாருமாச் சேர்ந்து படிக்க ஒண்டு எடுத்துத் தாங்க."

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்கரையில், காற்று எழும்ப முதல், தம்பியும் நானும் அதைப் பதிவு செய்தோம். தொடக்கம் பிள்ளையார் வணக்கம். அடுத்தது கோளறு பதிகத்தின் முதற்பாட்டு, 'வேயுறு தோளி பங்கன்'. மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தரை, நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்தபோது பாடியது அது. புறப்படும் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு எனக்குத் தெரியவில்லை. பதிகம் முழுவதையும் வைத்தால் சின்னப் பிள்ளைகள் பொறுமை இழந்துவிடுவார்கள். மற்றப் பாட்டுகளை ஓடும் வழியில் பெரியவர்கள் பாடிக்கொள்ளலாம்.

மூன்றாவது, கந்தரலங்காரத்தில் வரும் 'விழிக்குத் துணை'. "பயந்த தனிவழிக்குத் துணை வடிவேலும் செங்கோடன் மயூரமுமே" என்ற அடி வரும்போது, அம்மம்மா கை தானாகக் கூப்பிக்கொண்டது. ஒவ்வோர் அடியையும் ஒருமுறை பாடி, அதே அளவு நேரம் சும்மா விட்டோம். அந்த இடைவெளியில்தான் வானுக்குள் இருப்பவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அது குறைந்தால் பிள்ளைகள் பாதி அடியிலேயே நின்றுவிடுவார்கள்; சேர்ந்து பாடுவது போய், கேட்பது மட்டும் மிஞ்சும்.

முடிவில் வாழ்த்து. நம் கோயில்களில் பூசை முடிவில் பாடும் 'வான்முகில் வழாது பெய்க' தான். எங்களுக்கு மட்டும் நல்லபடியாகப் போகவேண்டும் என்று கேட்காமல், மழை பெய்க, உயிர்கள் குறைவில்லாமல் வாழ்க என்று ஊருலகத்துக்கே கேட்டுவிட்டுப் புறப்படுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்த இடத்தில் மேளமும் மணியும் வேண்டாம் என்று தம்பியிடம் உறுதியாகச் சொன்னேன். கடைசியில் அரோகரா என்று உரத்த முழக்கத்தோடு முடித்தால், அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தை திடுக்கிட்டு எழும்பும். ஒரே குரல், தாழ்ந்த சுருதி, 'விளங்குக உலகமெல்லாம்' என்பதை இழுத்து நிறுத்தியதும் சிறிது நேரம் தீர்த்தக்குளத்து நீர் மட்டும் திரையில் தெரியும். அந்த நேரத்தில் சித்தி எல்லார் நெற்றியிலும் திருநீறு பூசினார், சாரதி அண்ணன் உட்பட.

சாரதியும் சேர்ந்து கும்பிட வேண்டும் என்பதால் வாழ்த்து முடிந்த பிறகே இன்ஜினை ஸ்டார்ட் செய்தோம். ஓடும்போது அவர் கண் திரைக்குப் போகக்கூடாது. பாணமை தாண்டி உகந்தமலை முருகனிடம் போகிறவர்கள் காணொளியை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்டோரத்தில் சிக்னலை நம்ப முடியாது.