செக்ரோல் பார்த்து வளர்ந்தவன் போட்ட ஹீட் மேப்

ஹட்டனில் எங்கள் அலுவலகத்தில் மொத்தம் எட்டுப் பேர். தோட்டங்களில் லயம் லயமாகப் போய்த் தண்ணீர், மலசலகூடம், பிள்ளைகளின் நிறை என்று விபரம் எடுப்பது, அதைப் பதிவது, அறிக்கையாக்கிக் கொடுப்பது, இதுதான் வேலை. யாருக்கு என்ன வேலை, எப்போது முடிய வேண்டும், எத்தனை மணித்தியாலம் பிடிக்கும் என்பதெல்லாம் ஒரு கூகுள் ஷீட்டில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

2025 ஏப்ரலில் பதிவுப் பகுதி அக்கா தொடர்ந்து இரண்டு சனிக்கிழமை அலுவலகம் வந்து வேலை செய்திருக்கிறார். எனக்குத் தெரியாது. காவலாளி ஐயா சொல்லித்தான் தெரிந்தது. ஷீட்டைத் திறந்து பார்த்தேன், அவர் பெயரில் மூன்றே வேலைகள். இன்னொருவர் பெயரில் ஒன்பது. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அக்காதான் சும்மா இருக்கிறார்!

சரி, ஆளுக்கு ஒரு நிரை, வாரத்துக்கு ஒரு நிரல், பாரம் கூடினால் சிவப்பு என்று ஒரு ஹீட் மேப் போடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு இந்த வடிவம் புதிதில்லை. அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். இடப்பக்கம் பெயர், மேலே தேதி, கட்டத்துக்குள் முழுநாளுக்குப் பேர், அரைநாளுக்கு அரைப்பேர் என்று நிரப்பிய செக்ரோலை, அதாவது தோட்டத்து வரவுப் பதிவேட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் செக்ரோல் முடிந்த நாளைச் சொல்வது. எனக்கு வேண்டியது வரப்போகிற வாரம். அதில்தான் சறுக்கினேன்.

முதல் படத்தை அரை மணித்தியாலத்தில் போட்டுவிட்டேன். ஒவ்வொரு வேலையின் மணித்தியாலத்தையும் அது முடிய வேண்டிய வாரத்தில் போட்டுக் கூட்டினேன். ஒருவருக்கு வாரம் 30 மணித்தியாலம் என்று வைத்து வகுத்தேன். நாளுக்கு எட்டு மணித்தியாலம் அலுவலகத்தில் இருந்தாலும், போன், கூட்டம், கரண்ட் போவது எல்லாம் கழிந்தால் ஆறுதான் கையில் மிஞ்சும். நிறத்துக்கு, ஷீட்டே தருகிற கலர் ஸ்கேலில் சிவப்பில் முடிகிற ஒன்றை எடுத்து, எல்லைகளை அப்படியே விட்டேன்.

முதல் கோளாறு அந்த நிறத்திலேயே இருந்தது. எல்லையைத் தானாக எடுக்கிற ஸ்கேல், இருப்பதில் பெரிய எண்ணைச் சிவப்பாக்கும். எல்லோருக்கும் பாரம் குறைவான வாரங்களிலும் யாராவது ஒருவர் சிவந்துகொண்டே இருந்தார். எல்லோரும் மூழ்குகிற வாரங்களில், மூழ்குவதில் கொஞ்சம் குறைந்தவர் இளமஞ்சளாகத் தெரிந்தார். ஆகவே எல்லையை நானே எண்ணாகக் கொடுத்தேன்: 0 என்றால் வெள்ளை, 0.85 மஞ்சள், 1.2-க்கு மேல் கடுஞ்சிவப்பு. அதன் பிறகுதான் இந்த வாரச் சிவப்பும் போன வாரச் சிவப்பும் ஒன்றாயின.

இரண்டாவது கோளாறுதான் அக்காவின் கதை. மே மாதத்தில் அவருக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, படிவங்களைச் சரிபார்ப்பது: 39 மணித்தியாலம், மே 5 முதல் 23 வரை. மற்றது ஒரு அறிக்கை: 15 மணித்தியாலம், மே 14 முதல் 16 வரை. என் படத்தில் மே 12 வாரம் அவருக்கு 50 வீதம், நல்ல வெளிறிய நிறம். சரிபார்ப்பு முடிகிற மே 19 வாரமோ 130 வீதம், சிவப்பு.

படத்தைக் காட்டினேன். அக்கா சிரித்துவிட்டார். "தம்பி, அந்த 39 மணித்தியாலத்தையும் கடைசி வாரம் வரைக்கும் தொடாம வச்சிருப்பேனா?"

நியாயம்தான். வேலையை அது ஓடும் நாட்கள் முழுவதிலும் பரப்ப வேண்டும். 15 வேலை நாட்களில் பரப்பினால் நாளுக்கு 2.6, வாரத்துக்கு 13. மே 12 வாரத்தில் அறிக்கையின் 15-ஐயும் சேர்த்தால் 28. அதை 30-ஆல் வகுத்தால் 93 வீதம், மஞ்சள். பரவாயில்லை, சமாளிப்பார் என்று நினைத்தேன்.

அப்போது அக்கா சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினார். மே 12 திங்கள், வெசாக் போயா. 13-ம் லீவு. அந்த வாரத்தில் வேலை நாளே மூன்றுதான். ஆக வாரத்துக்கு 18 மணித்தியாலம்தான் இருக்கிறது. சரிபார்ப்பு ஓடுகிற நாட்களும் 15 இல்லை, 13. நாளுக்கு 3 என்றால் அந்த வாரத்துக்கு 9, அறிக்கை 15, மொத்தம் 24. வகுத்தால் 133 வீதம். அதே ஆள், அதே இரண்டு வேலை, அதே வாரம். ஒரு படத்தில் 50, அடுத்ததில் 93, மூன்றாவதில் 133. முதல் படம் சிவப்பாகக் காட்டிய மே 19 வாரத்தில் உண்மையில் 15 மணித்தியாலம்தான், பாதிப் பாரம்.

நம் நாட்டில் மாதம் தவறாமல் போயா வருகிறது. லீவு நாளைக் கணக்கில் எடுக்காத படம் மாதத்தில் ஒரு வாரமாவது பொய் சொல்லும், போயா சனி ஞாயிறில் விழுந்தால் தவிர. ஆகவே லீவு நாட்களைத் தனி ஷீட்டில் எழுதி, அந்தத் தேதிக் கட்டங்களுக்கு Named range ஆக Holidays என்று பெயர் கொடுத்தேன். வேலைப் பட்டியலில் B பெயர், C தொடக்கம், D முடிவு, E மணித்தியாலம். H முதல் வாரங்கள், H1-இல் அந்த வாரத்துத் திங்கட்கிழமை:

```
=IFERROR($E2*MAX(0,NETWORKDAYS(MAX($C2,H$1),
 MIN($D2,H$1+6),Holidays))
 /NETWORKDAYS($C2,$D2,Holidays),0)
```

இந்த வாரத்துக்குள் விழுகிற வேலை நாட்கள் எத்தனை என்று எண்ணி, மொத்த வேலை நாட்களால் வகுத்து, மணித்தியாலத்தால் பெருக்குகிறது, அவ்வளவுதான். MAX(0 என்பதை விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்த பிறகு வருகிற வாரங்களில் NETWORKDAYS மறை எண்ணைத் தரும், மொத்தம் சத்தமில்லாமல் குறையும். படத்தின் கட்டத்தில் SUMIF போட்டு ஆளுக்கு ஆள் கூட்டி, அந்த வாரத்து வேலை நாட்கள் தர 6-ஆல் வகுத்தால் போதும். சொந்த லீவு எடுப்பவருக்கு அந்த நாளையும் கழிக்க வேண்டும்.

அந்த IFERROR இன்னொரு வம்பை இழுத்து வந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரின் நிரை முழுக்க வெள்ளை. சேர் படத்தைப் பார்த்துவிட்டு, "இவருக்கு வேலையே குடுக்கலையா?" என்றார். தம்பி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். முகம் சுருங்கிவிட்டது. பார்த்தால் அவர் பெயரில் ஆறு வேலைகள், ஒன்றுக்கும் தேதி இல்லை. தேதி இல்லாவிட்டால் வகுப்பதற்கு நாள் இல்லை, பிழை வரும், IFERROR அதை 0 ஆக்கிவிடும். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "தேதியில்லாத வேலை" என்று ஒரு எண் இருக்கிறது:

```
=COUNTIFS(Tasks!B:B,A2,Tasks!C:C,"")
```

அந்த எண் 0 ஆகும் வரை அவருடைய நிரையை நம்புவதில்லை. வெள்ளையைப் பார்த்து யாரையும் ஒன்றும் கேட்பதில்லை என்று சேரும் ஒத்துக்கொண்டார்.

மே 12 வாரத்துக்கு வந்தால், அறிக்கையின் அட்டவணை வேலை 8 மணித்தியாலத்தை அந்தத் தம்பிக்கே கொடுத்தோம். அக்காவுக்கு 9-உம் 7-உம் 16 ஆனது, 89 வீதம். மே 17 சனிக்கிழமை அவர் வரவில்லை.

பொகவந்தலாவைப் பக்கம் போகிற அண்ணனுக்கு வேறு பிரச்சினை. காலை பஸ்ஸில் இறங்கி, டிவிசனுக்கு ஏறி, மழையில் திரும்பி வர நாளில் பெரும்பகுதி போய்விடும். அதனால் களத்துக்குப் போகிறவர்களுக்கு நாளுக்கு ஆறுக்குப் பதில் நான்கு மணித்தியாலம் என்று வைத்தேன். அண்ணன் ஒரு வாரம் 150 வீதம், கடுஞ்சிவப்பு. போன் எடுத்தால், "இந்த வாரம் லேசுதானே" என்கிறார்! அவர் தன் 30 மணித்தியாலத்தில் பஸ் நேரத்தையும் சேர்த்தே எழுதியிருந்தார். நான் அதையே இன்னொரு முறை கழித்திருந்தேன். பயணத்தை வேலையில் சேர்க்கலாம், அல்லது ஆளின் நேரத்திலிருந்து கழிக்கலாம், இரண்டில் ஒன்றுதான். நாங்கள் கழிப்பதை வைத்துக்கொண்டோம், எழுதுகிறவர்களுக்கு அது லேசு.

பிந்திப்போன வேலைதான் அதிகம் தலையிடி தந்தது. முடிவுத் தேதி போன வெள்ளி என்றால் அதன் பாரம் முழுக்கப் போன வாரத்துக் கட்டத்தில் கிடக்கும். இந்த வாரம் பார்த்தால் ஆள் ஓய்வாகத் தெரிவார். பின்னுக்கு நிற்பவர்தான் படத்தில் சுகமாக இருப்பார், இதைவிட மோசமான பிழை வேறு இல்லை. அதனால் E-இல் மிச்சமிருக்கும் மணித்தியாலத்தை மட்டும் எழுதச் சொன்னேன், தொடக்கத்தை இன்றைக்கு நகர்த்தினேன். முடிவுத் தேதி கடந்திருந்தால் அதுவும் இன்றைக்கு வரும்.

அப்புறம் ஒரு ஞாயிறு, வீட்டிலிருந்து திறக்கிறேன், பிந்திய வேலையெல்லாம் மாயம்! ஞாயிறிலிருந்து ஞாயிறு வரை வேலை நாள் பூச்சியம், பழைய IFERROR மறுபடி 0 போட்டிருக்கிறது. போயா நாளிலும் இப்படித்தான் ஆகும். TODAY()-ஐ நேரடியாக வைக்காமல், இன்று லீவென்றால் அடுத்த வேலை நாளை எடுக்கச் சொன்னதும் சரியாயிற்று. தொடக்கத்துக்குத் தனி நிரலில் இது, முடிவுக்கு இன்னொரு நிரலில் C2-க்குப் பதில் D2. முதல் சூத்திரம் C, D-க்குப் பதில் இந்த இரண்டு நிரல்களையும் எடுக்கும்:

```
=MAX(C2,WORKDAY(TODAY()-1,1,Holidays))
```

இவ்வளவுக்குப் பிறகும் அக்காவின் நிரை ஒரு வாரம் 80 வீதமாக இருக்க, அவர் ஆறரை மணி வரை இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு வட்ஸ்அப்: "அக்கா இந்தப் படிவத்தில் இது சரியா?" "அக்கா பாஸ்வேர்ட் என்ன?" ஒன்றும் ஷீட்டில் இல்லை, யாரும் எழுதவும் மாட்டார்கள். கடைசியில் அக்காவுக்கு மட்டும் "வழமை வேலை, வாரம் 6" என்று நிரந்தரமாக ஒரு வேலை போட்டோம். அந்த ஆறு அளந்து எடுத்ததல்ல, அவரே சொன்னது. எனக்கு அது போதும்.

இப்போது திங்கட்கிழமை காலை, தேத்தண்ணி நேரத்தில் கால் மணித்தியாலம் எல்லோரும் படத்தைப் பார்க்கிறோம். இந்த வாரமும் அடுத்த இரண்டு வாரமும் மட்டும்தான். அதற்கப்பால் உள்ள தேதிகளை யாருமே உண்மையாக எழுதுவதில்லை. மே 26 அன்று அக்காவின் நிரையில் ஜூன் 9 வாரம் சிவந்திருந்தது. பொசன் போயா 10-ஆம் தேதி, ஆகவே நான்கு நாள், 24 மணித்தியாலம். அவர் பெயரிலோ 30. நான் வாய் திறக்கும் முன்பே அக்கா சேர் பக்கம் திரும்பி, "சேர், அந்த ஆறு மணித்தியாலப் பயிற்சிய அதுக்கு அடுத்த வாரம் வைப்போமா?" என்றார். சேர் படத்தைப் பார்த்தார், தன் டயறியைத் திறந்தார், 16 என்று எழுதிக்கொண்டார்.