புகாருக்குப் பின் பணிவிலகல் ஒப்பந்தம்: நான் கேட்டவையும் எழுத்தில் வாங்கியவையும்

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் ஏழு மாதங்கள் பணிபுரிந்தேன். மேலதிகாரி ஒருவர் மீது நான் கொடுத்த பாலியல் துன்புறுத்தல் புகாரை, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டிருந்த உள்ளகப் புகார்க் குழு விசாரித்து, அது மெய்ப்பிக்கப்பட்டதாக அறிக்கை அளித்தது. அவருடைய ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் சம்பளத்திலிருந்து எனக்கு இழப்பீடு வழங்கவும் குழு பரிந்துரைத்தது. ஆனால் அவர் அதே பிரிவில் தொடர்ந்தார். என் வேலையை மதிப்பிடுபவர்கள் அவருக்கு நெருக்கமானவர்களாகவே இருந்தார்கள். அங்கே நீடிக்க முடியாது என்று தெரிந்த பிறகு, வெறும் ராஜினாமாக் கடிதத்தோடு வெளியேறுவதில்லை என்று முடிவு செய்தேன். புகாரின் உள்ளடக்கத்தையும் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தையும் வெளியிட அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு தடை விதிக்கிறது. ஆகவே இங்கே ஒப்பந்தத்தைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது வரிசை. விசாரணை தொடங்குவதற்கு முன் புகார் கொடுத்தவர் விரும்பினால் சமரசம் செய்துகொள்ளலாம் என்று சொல்லும் 10ஆம் பிரிவு, அந்தச் சமரசத்துக்குப் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. புகாரை விட்டுவிடுவதற்காகப் பணம் வாங்கியதாக ஒரு காகிதம் உருவாகிவிட்டால், அது பின்னாளில் எனக்கு எதிராகவே திரும்பும். எனவே விசாரணை அறிக்கை கைக்கு வந்த பிறகே பணிவிலகலைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினோம். அப்படியும் நிறுவனம் அனுப்பிய முதல் வரைவில், ‘பணியாளர் தன் எல்லாப் புகார்களையும் திரும்பப் பெறுகிறார், எந்தத் தவறும் நடக்கவில்லை என்பதை ஏற்கிறார், மேல்முறையீடு செய்யமாட்டார்’ என்று ஒரு பத்தி இருந்தது. என் வழக்கறிஞர் அதை முழுவதுமாக அடித்துவிட்டார். பரிந்துரையை எதிர்த்தோ, அதை நிறைவேற்றாததற்காகவோ 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யும் உரிமையைச் சட்டமே தருகிறது. சட்டத்தை நாடும் உரிமையை முற்றிலும் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பத்தி இருந்த இடத்தில், ‘இந்த ஒப்பந்தம் குழுவின் அறிக்கையையோ, அதன்படி பணியாளருக்குச் சேர வேண்டிய இழப்பீட்டையோ பாதிக்காது’ என்ற ஒரே வாக்கியம் வந்தது.

அடுத்தது பணம். மொத்தமாக ஐந்து லட்சம் ரூபாய் தருகிறோம் என்றார்கள். கேட்கும்போது பெரிய தொகையாகத்தான் இருந்தது. பிரித்துப் பார்த்தபோதுதான் விவரம் தெரிந்தது. என் மாதச் சம்பளம் 80,000 ரூபாய், அதில் அடிப்படை ஊதியம் 40,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட காலம் பணிக்கொடைக் கணக்கில் முழு ஆண்டாகக் கொள்ளப்படுவதால், எனக்கு ஏழு ஆண்டுகள்; 40,000-ஐ 26ஆல் வகுத்து, 15ஆலும் 7ஆலும் பெருக்கினால் 1,61,538 ரூபாய். என்னை உடனே விடுவிக்க விரும்பியது நிறுவனம்தான் என்பதால், இரண்டு மாத நோட்டீஸ் காலத்துக்கான 1,60,000 ரூபாயையும் அவர்கள் தந்தாக வேண்டும். மீதமிருந்த 30 நாள் விடுப்புக்கு, அடிப்படை ஊதியக் கணக்கில், 40,000. இவை மூன்றும் சேர்ந்தால் 3,61,538. புகாரே இல்லாமல் நான் விடுவிக்கப்பட்டிருந்தாலும் எனக்குச் சேர வேண்டிய பணம் இது. அவர்கள் புதிதாகத் தர முன்வந்தது வெறும் 1,38,462 ரூபாய், அதாவது இரண்டு மாதச் சம்பளம்கூட இல்லை.

இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பினேன். சட்டப்படியான தொகைகளைத் தனி அட்டவணையாக்கி, அவற்றைப் பேரத்திலிருந்து விலக்க வேண்டும் என்றும், கூடுதலாக ஆறு மாதச் சம்பளம் வேண்டும் என்றும் கேட்டேன். என் அனுபவத்துக்கு ஈடான வேலை கிடைக்க ஆகும் காலம், விசாரணை நடந்ததால் தள்ளிப்போன பதவி உயர்வு, ஆலோசனை சிகிச்சைக்கான ரசீதுகள் ஆகியவற்றை அடிப்படையாகக் காட்டினேன். குழு பரிந்துரைத்த இழப்பீட்டை இதில் கழிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தேன். அது அந்த மேலதிகாரி தர வேண்டியது, இது நிறுவனம் தர வேண்டியது. நான்கு மாதச் சம்பளத்தில், 3,20,000 ரூபாயில், உடன்பாடு ஏற்பட்டது. இத்தகைய கூடுதல் தொகைக்கும் நோட்டீஸ் காலச் சம்பளத்துக்கும் வரி பிடிப்பார்கள் என்பதால், எழுதப்படும் தொகை வரிக்கு முந்தையதா, கைக்கு வருவதா என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதச் சொல்ல வேண்டும்.

பணத்தைவிட நான் அதிக நேரம் செலவிட்டது நற்சான்றுக்காகத்தான். ‘வழக்கமான நற்சான்று வழங்கப்படும்’ என்று வரைவில் இருந்தது. அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாரையும் எதையும் கேட்க முடியாது. பணி அனுபவச் சான்றிதழின் முழு வாசகத்தையும் எழுதி ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்க வேண்டும் என்றேன்: பதவி, பணிக்காலம், பார்த்த பொறுப்புகள், இறுதி இரண்டு ஆண்டுகளின் பணி மதிப்பீட்டு நிலை. வெளியிலிருந்து வரும் விசாரிப்புகள் அனைத்துக்கும் மனிதவளத் துறையின் ஒரே மின்னஞ்சல் முகவரியிலிருந்து அந்த வாசகத்தின்படியே பதில் போக வேண்டும். இங்கே பலரும் பார்க்கத் தவறும் ஓர் இடம் இருக்கிறது. பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனங்கள் சான்றிதழைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. விலகிய காரணத்தையும், ‘மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்வீர்களா’ என்ற கேள்விக்கான பதிலையும் கேட்டு வாங்குகின்றன. அந்தப் பதில் நிறுவனத்தின் கணினிப் பதிவிலிருந்து எடுக்கப்படுகிறது. எனவே அந்தப் பதிவில் ‘ராஜினாமா’ என்றும், ‘மீண்டும் சேர்க்கத் தகுதி உண்டு’ என்றும் இருக்க வேண்டும் என இணைப்பில் எழுத வைத்தேன். எனக்கு நல்லெண்ணம் கொண்ட மூத்த அதிகாரி ஒருவர் தனிப்பட்ட முறையில் நற்சான்று கொடுக்க நிறுவனம் தடை சொல்லாது என்பதும் அதில் இடம்பெற்றது.

அலுவலகத்துக்குள் அனுப்பும் அறிவிப்பில் ‘தனிப்பட்ட காரணங்களுக்காக’ என்று போட விரும்பினார்கள். விசாரணை நடந்ததை அரசல்புரசலாக அறிந்தவர்கள் அதைப் படித்தால், புகார் பொய்யாகப் போனதால் கிளம்பிவிட்டாள் என்றே எடுத்துக்கொள்வார்கள். நான் எதிர்பார்த்தது புகழ்ச்சியல்ல, காரணமே சொல்லாத இரண்டு வரிகள்: இன்ன தேதியுடன் இவர் பணியிலிருந்து விலகுகிறார், இத்தனை ஆண்டுகள் ஆற்றிய பணிக்கு நன்றி. அதுவே இணைப்பில் சேர்ந்தது. ஒருவரைப் பற்றி மற்றவர் இழிவாகப் பேசக் கூடாது என்ற நிபந்தனை முதலில் என்னை மட்டுமே கட்டுப்படுத்தியது. நிறுவனத்தில் இருக்கும் அனைவருக்கும் பொறுப்பேற்க முடியாது என்று அவர்கள் சொன்னது நியாயம்தான். அதனால் துறைத் தலைவர், மனிதவளத் தலைவர், புகாருக்கு உள்ளானவர் ஆகிய மூவருக்கும் எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டும் என்று மாற்றிக்கொண்டோம். இரகசியக் காப்புப் பகுதியில் வழக்கறிஞர், மருத்துவர், கணவர், வரி ஆலோசகர், நீதிமன்றம், காவல்துறை ஆகியோரிடம் பேச எனக்குத் தடையில்லை என்று விலக்கு வாங்கினேன்.

எல்லாம் பேசி முடித்த பின்பும், முதலில் கணினியில் ராஜினாமாவைப் பதிந்துவிடுங்கள், கையெழுத்து அடுத்த வாரம் ஆகட்டும் என்றார்கள். நான் மறுத்தேன். ராஜினாமா ஏற்கப்பட்டுவிட்டால், பேரம் பேச என் கையில் எதுவும் மிஞ்சாது. ராஜினாமாவின் வாசகத்தையும் ஓர் இணைப்பாக்கி, இரு தரப்பும் கையெழுத்திட்ட அன்றே அது நடைமுறைக்கு வரும் என்றும், 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் வட்டி உண்டு என்றும் எழுதினோம். பணம் வந்த பிறகு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதி சரியாக ஏறியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

புதிய வேலைக்கான சரிபார்ப்பில் பதவியும் தேதிகளும் சரியாக வந்தன. மீண்டும் சேர்க்கத் தகுதி என்ற இடத்தில் மட்டும் ‘இல்லை’ என்று இருந்தது. பேசி முடித்து விலகுபவர்கள் எல்லோருக்கும் அந்தக் கணினிப் பதிவு தானாகவே அப்படிக் குறித்துவிடுகிறதாம். இணைப்பின் அந்தப் பக்கத்தையும் கையெழுத்துப் பக்கத்தையும் மனிதவளத் துறைக்கு அனுப்பினேன். புதிய நிறுவனத்திடம் நான் ஒரு வார்த்தையும் விளக்க நேராமல், பழைய நிறுவனமே தன் மின்னஞ்சலிலிருந்து திருத்தத்தை அனுப்பியது. அதன் பிறகு பணி நியமனக் கடிதம் வந்தது.