இன்டர்வியூவில் குறிப்புச் சீட்டு: படிப்பதுபோல் ஒலிக்காமல் இருக்க

வீடியோவிலோ போனிலோ நடக்கும் இன்டர்வியூவில் குறிப்பு வைத்துக்கொண்டு பேசும்போது காரியம் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பதிலை முழு வாக்கியமாக எழுதி வைப்போம். கண்ணெதிரே வாக்கியம் இருந்தால் வாய் அதை அப்படியே படித்துவிடும். குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடும், "மேற்கொண்டேன்" போன்ற பேச்சில் வராத சொற்கள் வந்து விழும். எதிரில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அவர் நடுவில் ஒரு குறுக்குக் கேள்வி கேட்டால், விட்ட வரியைத் தேடுவதிலேயே மௌனம் நீளும்.

அதனால் ஓர் அனுபவத்துக்கு ஒரு வரி போதும். உதாரணமாக, "சிக்கலான பிரச்சினையைச் சரிசெய்த அனுபவம்" என்ற கேள்விக்குச் சீட்டில் இவ்வளவுதான் இருக்க வேண்டும்:

பில் பிழை – 1,200 பேர் – பழைய வரி விகிதம் – 2 நாள் – தானியங்கிச் சோதனை

இதில் ஒரு வினைச்சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். வினை இல்லாததால் வாக்கியத்தை அந்த நேரத்தில் நாமே கட்டியாக வேண்டும்; பேச்சு இயல்பாக வருவது அதனால்தான். பதற்றத்தில் மறப்பது கதை அல்ல, எண்களும் பெயர்களும்தான். சீட்டில் அவை இருந்தால் போதும்.

அடுத்தது வைக்கும் இடம். மேசைமேல் தாளை வைத்தால் தலை குனியும், அது அப்பட்டமாகத் தெரியும். கேமராவுக்குப் பக்கத்திலேயே, திரையின் மேல் விளிம்பில் ஒட்டுங்கள். திரையிலேயே குறிப்பு வைப்பதென்றால் ஜன்னலைக் குறுக்கி, கேமராவுக்கு நேர் கீழே நகர்த்துங்கள். அகலமாக வைத்தால் கண் இடமிருந்து வலமாக ஓடும்; படிக்கிறோம் என்பதைக் காட்டிக்கொடுப்பது அந்த ஓட்டம்தான். கண்ணாடி அணிபவர்கள் திரையில் வைக்கும் குறிப்புக்கு வெள்ளைப் பின்னணியைத் தவிர்ப்பது நல்லது, அது லென்ஸில் பளிச்சென்று தெரியும். முந்தின நாளே ஒரு பதிலைப் பேசிப் பதிவு செய்து, ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். கண் எங்கே போகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

போனில் கண் பிரச்சினை இல்லை, காது பிரச்சினை உண்டு. தாள் புரட்டும் சத்தம் மைக்கில் தெளிவாகக் கேட்கும். பின் அடித்த கட்டு வேண்டாம். தனித்தனித் தாள்களாக, புரட்டத் தேவையில்லாதபடி பரப்பி வையுங்கள்.

சரியான எண் வேண்டிய இடத்தில் ஒளிக்கவே வேண்டாம். "குறிச்சு வச்சிருக்கேன், பார்த்துச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கடைசியில் நாம் கேட்கவேண்டிய கேள்விகளையும் அப்படியே பார்த்துக் கேட்கலாம். ஆனால் கண்காணிப்போடு நடக்கும் தேர்வுச் சுற்றுகளில் குறிப்பு வைக்கவே தடை இருக்கலாம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: திரையைப் பகிரச் சொன்னால் முழுத் திரையைக் கொடுத்துவிடாதீர்கள், குறிப்பும் சேர்ந்து போய்விடும். தேவையான ஒரு ஜன்னலை மட்டும் தேர்ந்தெடுங்கள்.