சம்பளம் மட்டும் பார்த்தால் போதுமா?

அக்கா மகனுக்கு உதவி லோகோ பைலட், வங்கி கிளார்க் இரண்டுமே கிடைத்திருக்கிறது. கிலோமீட்டர் அலவன்ஸைக் கணக்குப் போட்டு ரயில்வே பக்கம் சாய்கிறான்.

என் வீட்டுக்காரர் ரயில் ஓட்டுபவர் என்பதால் சொல்கிறேன். புதிதாகச் சேர்பவருக்குப் பெரும்பாலும் கூட்ஸ் வண்டிதான். நிலையான நேரம் கிடையாது, கிளம்புவதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் அழைப்பு வரும். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிட்டுத் திரும்பினால் வீட்டில் 16 மணி நேர ஓய்வு உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நள்ளிரவில் இறங்கினால் அது மறுநாள் மாலை நான்கு மணிக்கு முடிந்துவிடும். பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரம், அப்பா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். நேரம் தெரிந்த பயணிகள் வண்டி சீனியாரிட்டிப்படிதான் வரும். அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.

கிளார்க்குக்கு இடமாற்றம் பெரும்பாலும் மாநிலத்துக்குள்தான். அதிகாரியாகப் பதவி உயர்வு வாங்கினால்தான் வெளிமாநிலப் பயம். வேண்டாம் என்றால் அந்தத் தேர்வை எழுதாமல் இருக்கலாம்.

அவன் அம்மா தனியாக இருக்கிறார். வங்கிக்கே போடா என்றேன். யோசிக்கிறானாம்.